கணக்குப் பிரிவில் எல்லாவற்றையும் தானே பார்க்கும் மேனேஜர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பில் போடுவது, பேமென்ட் தயார் செய்வது, ஜிஎஸ்டி, டிடிஎஸ் பார்ப்பது என்று ஐந்தாறு பேர் இருக்கும் பிரிவு, அவர்களுக்கு மேல் ஒரு அக்கவுன்ட்ஸ் மேனேஜர், அவருக்கு மேல் முதலாளி. இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

எங்க மேனேஜர் எல்லாத்தையும் பார்க்கிறார். கணக்குப் பிரிவுன்னா அது சாதாரணம்தானே?

பாதி சாதாரணம். பணம் வெளியே போகும் இடத்தில் ஒருவர் போட வேண்டும், இன்னொருவர் பார்த்து விட வேண்டும். வங்கிகள் நிறுவனக் கணக்குகளுக்கு மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் வைப்பதும் அதற்குத்தான். புது சப்ளையரின் வங்கிக் கணக்கு எண், பெரிய தொகை, அட்வான்ஸ், ஏற்கெனவே இருக்கும் சப்ளையர் திடீரென்று கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி அனுப்பும் மெயில், இவற்றையெல்லாம் மேனேஜர் தன் கண்ணால் பார்க்கிறார் என்றால் அவர் தன் வேலையைச் செய்கிறார். அதில் குறை காண முடியாது.

அவர் பார்ப்பதால் எண் மாறுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. நூற்று எண்பது ரூபாய் கூரியர் பில்லில் நரேஷனை அடித்துவிட்டு, ‘கூரியர் சார்ஜஸ்’ என்பதற்கு முன்னால் ‘பீயிங்’ என்று சேர்த்துத் திரும்பப் போடச் சொல்கிறார். டேலி கூட்டிக் காட்டிய தொகையைக் கால்குலேட்டரில் மறுபடி கூட்டுகிறார். பச்சை மையில் டிக் அடித்த வவுச்சரையே மறுநாள் திரும்பக் கேட்கிறார். இதனால் எந்தத் தொகையும் மாறவில்லை, எந்தத் தவறும் பிடிபடவில்லை. இது கட்டுப்பாடு என்ற கணக்கில் வராது. பயம் என்ற கணக்கில்தான் வரும்.

நான் ஒரு தப்பும் பண்ணலையே, என்னை ஏன் நம்ப மாட்டேங்கிறார்?

உங்களை மட்டுமா, எல்லோரையுமா என்று முதலில் பாருங்கள். பிரிவில் ஒருவரையும் நம்பவில்லை என்றால் காரணம் உங்களிடம் இல்லை. நான் பார்த்தவரை இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, பழைய அடி. உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் அனுப்பியிருப்பார், அல்லது ஒரு டிபார்ட்மென்ட் நோட்டீஸ் வந்து இவர்தான் பதில் சொல்லி அலைந்திருப்பார். பிரிவில் மூத்தவர் யாராவது இருந்தால் டீ குடிக்கும்போது விசாரியுங்கள், கதை வெளியே வரும்.

இன்னொன்று, மேலே இருந்து வரும் அழுத்தம். முதலாளி இரவு எட்டு மணிக்குப் போன் போட்டு, “அந்த டிரான்ஸ்போர்ட்காரனுக்கு ஏன் நாலாயிரம் போச்சு?” என்று கேட்கிறார். மேனேஜரிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் இருந்து எல்லா டிரான்ஸ்போர்ட் பில்லும் அவர் மேஜைக்குப் போகும். அவருக்கு வேண்டியது உங்கள் பில்லைத் திருத்துவது அல்ல, அந்த எட்டு மணிப் போனுக்கு ஒரு பதில். இது புரிந்தால் அவருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் புரியும்.

உங்களை மட்டும்தான் என்றால் விஷயம் வேறு. ஏதோ ஒரு குறிப்பிட்ட பிழை அவர் மனதில் நிற்கிறது. “சார், என் வேலையில் எதைக் கூடுதலாகப் பார்க்கணும்னு நினைக்கிறீங்க?” என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

எதை எடுத்துட்டுப் போனாலும் ஒரு திருத்தம் சொல்றார். முதல்ல என்ன செய்யலாம்?

ஒரு மாதம் திருத்தங்களை எழுதி வையுங்கள். எக்செல்லில் ஒரு ஷீட் போதும்: தேதி, வவுச்சர் எண், அவர் சொன்ன திருத்தம், அது எந்த வகை. வகை நான்குதான் வரும். தொகையோ லெட்ஜரோ தவறு. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ரசீது போன்ற தாள் இல்லை. டிடிஎஸ், ஜிஎஸ்டி போன்ற விதி தவறியது. கடைசியாக, அவருடைய விருப்பம். யாரிடமும் காட்டுவதற்காக இதை எழுத வேண்டாம், உங்களுக்குத்தான்.

மாதக் கடைசியில் முதல் மூன்று வகையில் நிறைய வந்திருந்தால் அவர் பார்ப்பது நியாயம், நீங்கள்தான் சரி செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் நான்காவது வகையே குவிந்திருக்கும். நரேஷன் எப்படி எழுதுவது, பில்லுக்குப் பின்னால் எந்த வரிசையில் தாள்களை வைப்பது, பின் எந்த மூலையில் குத்துவது என்று போகும். இவற்றை வைத்து வாதாடிப் பயனில்லை. அத்தனையையும் ஒரே பக்கத்தில் எழுதி, “சார், இனிமே எல்லாரும் இப்படியே போடுறோம், சரியான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று அவரிடமே கொடுத்து இனிஷியல் வாங்கி விடுங்கள். அவர் விருப்பம் எழுத்தில் வந்துவிட்டால் அடிக்கடி மாறாது. மாறினாலும் அந்தப் பக்கத்தைத் திருத்தினால் போதும், நாற்பது வவுச்சரைத் திரும்ப அச்சடிக்க வேண்டாம்.

மணிக்கு ஒருதரம் பின்னாடி வந்து நின்னு ‘என்ன ஆச்சு’ன்னு கேட்கிறார். வேலையே ஓட மாட்டேங்குது.

அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். காலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஒன்று, மாலை கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, ஒவ்வொரு நாளும் அதே நேரம். நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இது:

“நேற்று வந்த பில் 14. என்ட்ரி போட்டது 11. தாள் இல்லாமல் நிற்பது 3 (ஸ்டோர்ஸில் கேட்டிருக்கிறேன்). உங்கள் பார்வைக்கு மேஜையில் இருப்பது 26, அதில் பழையது 9-ஆம் தேதி பில்.”

கடைசி வரிதான் முக்கியம். எத்தனை தாள் அவரிடம் நிற்கிறது என்பது குற்றச்சாட்டு இல்லாமல் தினமும் இரண்டு முறை அவர் கண்ணில் படுகிறது. முதல் வாரம் மெசேஜும் படிப்பார், பின்னாலும் வந்து நிற்பார். எண்கள் அவர் நேரில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் நடை குறையும். அதனால் ஒருநாள்கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். என்ட்ரி ஒன்பதுதான் போட்டிருந்தால் ஒன்பது என்றே சொல்லுங்கள்.

ஒவ்வொரு பில்லும் அவர் பார்த்தாத்தான் பேமென்ட். மேஜைல மலை மாதிரி கிடக்கு. ‘சின்னதை எங்ககிட்ட விடுங்க’ன்னு எப்படிக் கேட்கிறது?

அப்படியே கேட்டால் ‘முடியாது’ என்றுதான் வரும். “எங்களை நம்புங்கள்” என்ற கோரிக்கையாகவே அது அவர் காதில் விழும். போன மாத பர்ச்சேஸ், செலவு பில்களை டேலியில் இருந்து எக்செல்லுக்கு எடுத்து, தொகை வரிசைப்படி அடுக்குங்கள். உதாரணத்துக்கு 300 பில், மொத்தம் 65 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரத்துக்குக் கீழே 210 பில் இருக்கும், சேர்த்தால் மூன்றரை லட்சம். மீதி 90 பில்லில் அறுபத்தொன்றரை லட்சம். உங்கள் இடத்தில் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் தாள் எல்லாம் ஒரு பக்கமும் பணம் எல்லாம் இன்னொரு பக்கமும் சாய்ந்திருப்பதை அநேகமாக எங்கும் பார்க்கலாம். ஒரு பில்லுக்கு அவர் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டால் அந்த 210 பில்லுக்குப் பதினான்கு மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டு முழு வேலை நாள். இந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

கேட்பது சிறியதாக இருக்கட்டும். “எல்லாச் சின்ன பில்லும்” வேண்டாம். கூரியர், டீ, ஸ்டேஷனரி, லோக்கல் ஆட்டோ மாதிரி ஒரே ஒரு இனம். இரண்டாயிரத்துக்குக் கீழே. ஏற்கெனவே லெட்ஜர் இருக்கும் ஆட்களுக்கு மட்டும். ஒரு மாதம் மட்டும். முன்னால் பார்ப்பதற்குப் பதில் சனிக்கிழமை அந்த வாரப் பட்டியல் அவரிடம் போகும், அதில் எந்தப் பத்து பில்லை வேண்டுமானாலும் அவரே தேர்ந்து எடுக்கச் சொல்லிப் பார்ப்பார். தேர்வு அவர் கையில் இருக்க வேண்டும். நீங்கள் நல்லதாகப் பார்த்துப் பத்து எடுத்துக் கொடுத்தால் சந்தேகம் கூடத்தான் செய்யும். ஆடிட்டரும் இப்படித்தான் செய்கிறார், எல்லா வவுச்சரையும் அவர் புரட்டுவதில்லை என்பதையும் மெதுவாகச் சொல்லி வைக்கலாம். மேனேஜர்கள் ஆடிட்டர் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார்கள்.

முதல் கேள்வியில் சொன்ன புது சப்ளையர், கணக்கு எண் மாற்றம், அட்வான்ஸ் எல்லாம் எந்தத் தொகையாக இருந்தாலும் அவரிடமே போகும் என்று அந்தத் தாளில் நீங்களே எழுதிவிடுங்கள். மெயிலைப் போலியாக அனுப்பி வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற வைப்பது நிஜமாகவே நடக்கும் மோசடி. அதை நீங்களே சொன்னால், ஆபத்து எங்கே இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிகிறது என்ற எண்ணம் அவருக்கு வரும். இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்றால், இரண்டாவது வாரத்தில் ஒரு கூரியர் பில் இரண்டு முறை பதிவாகி, “பார்த்தியா, இதுக்குத்தான்” என்று எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் தவறு வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள்: அந்த ஒரு சப்ளையரின் பில் மட்டும் மறுபடி அவரிடம் போகும், மற்றவை தொடரும்.

லேட் ஆனது அவரால. டிடிஎஸ் 7-ஆம் தேதி தவறிப்போய் முதலாளி எங்களைத் திட்டுறார். எப்படித் தப்பிக்கிறது?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் பிடித்த டிடிஎஸ் இரண்டு லட்சம் என்று வையுங்கள். ஜூலை 7-க்குள் கட்டினால் வட்டி இல்லை. 8-ஆம் தேதி கட்டினால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், அதுவும் பிடித்த தேதியில் இருந்து. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கணக்காகும். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று, ஆக மூன்று சதவீதம். ஒரே நாள் தாமதத்துக்கு ஆறாயிரம் ரூபாய். ஜிஎஸ்டி இவ்வளவு கொடுமை இல்லை. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-3B கடைசி நாள் 20. ரொக்கமாகக் கட்ட வேண்டியது பத்து லட்சம் என்றால் மூன்று நாள் தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டிப்படி சுமார் 1,480 ரூபாய், அதோடு நாளுக்கு 50 வீதம் தாமதக் கட்டணம் 150. எந்தத் தேதிக்கு முன்னால் அவரை நெருக்க வேண்டும் என்பது இதில் இருந்தே தெரியும்.

இன்னொரு தேதியைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் போக வேண்டும். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து கணக்கு ஓடுகிறது. பில் மேனேஜர் மேஜையில் கிடக்கும் நாட்களும் அதில் சேரும். அந்தக் கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் கட்டாமல் விட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது, கட்டிய ஆண்டில்தான் கழிக்கலாம். கோவை, திருப்பூர் மாதிரி சுற்றிலும் சின்னப் பட்டறைகளிடம் வாங்கும் இடங்களில் இது சிறிய தொகையாக இருக்காது.

அப்புறம், தப்பிக்கும் வழி. கடைசி நாளை நம்பாமல் உள்ளுக்குள் ஒரு தேதி வையுங்கள். டிடிஎஸ்ஸுக்கு 3-ஆம் தேதி வொர்க்கிங் அவரிடம் போய்விட வேண்டும். போகும் மெயிலின் தலைப்பிலேயே கெடு இருக்கட்டும்: “ஜூன் டிடிஎஸ், தொகை 2,00,000, ஜூலை 7-க்குள் கட்ட வேண்டும், உங்கள் ஒப்புதலுக்கு.” 5-ஆம் தேதி அதே மெயிலின் மேலேயே ஒரு வரி: “சார், 8-ஆம் தேதி ஆனால் வட்டி ரூ.6,000 வரும்.” ‘நீங்கள் தாமதப்படுத்துகிறீர்கள்’ என்ற சொல் எங்கும் வர வேண்டாம். தேதியும் தொகையும் பேசட்டும். முதலாளி கேட்கும் நாளில் அந்த மெயில் சங்கிலியைக் காட்ட வேண்டியதுகூட இருக்காது. 6,000 என்ற எண்ணை முன்பே எழுத்தில் பார்த்த மேனேஜர் 6-ஆம் தேதியே கையெழுத்துப் போட்டிருப்பார், அநேகமாக.

மெயில் போட்டா ‘பக்கத்துல இருக்கேன், எனக்கே மெயிலா’ன்னு கோபப்படுறார். அப்போ?

சரி, மெயில் வேண்டாம். இன்வர்ட் ரிஜிஸ்டர் மாதிரி ஒரு நீள நோட்டு போதும். பில் அவர் மேஜைக்குப் போன தேதி, திரும்பி வந்த தேதி, கெடு என்று மூன்று பத்தி. ஆபீஸில் தாள் போகும் இடமெல்லாம் நோட்டு இருப்பது வழக்கம்தானே, யாருக்கும் உறுத்தாது. தாளை அவர் கையில் கொடுக்கும்போது கெடுவை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

நான்காவது கேள்வியில் சொன்ன மாலை மெசேஜ் பழக்கமாகிவிட்டால் அதுவே பாதி மெயில் மாதிரி. அதில் “டிடிஎஸ் வொர்க்கிங் 3-ஆம் தேதியில் இருந்து உங்களிடம், கெடு 7” என்ற வரி போனால் போதும்.

யார் எதை மாத்தினாங்கன்னு சந்தேகப்படுறார். இதுக்கு டேலிலேயே வழி இருக்குமே?

இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமும் ஆகியிருக்கிறது. கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவிலும் நடந்த மாற்றத்தைத் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும், அதை நிறுத்தி வைக்க வழி இருக்கக் கூடாது என்பது விதி. டேலியில் இதற்கு எடிட் லாக் என்று பெயர். வவுச்சரை யார் போட்டார், யார் எப்போது திருத்தினார், பழைய தொகை என்ன, புதியது என்ன என்று வரிசையாக நிற்கும். பார்ட்னர்ஷிப், தனி உரிமையாளர் நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை, ஆனால் அந்த வசதியை யாரும் பயன்படுத்தலாம்.

சந்தேகப்படும் மேனேஜர்கள் பலரும் இதைத் திறந்து பார்த்ததே இல்லை என்பது வேடிக்கை. ஒருநாள் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது உட்கார வைத்துக் காட்டுங்கள். வாரம் ஒருமுறை ‘திருத்தப்பட்ட வவுச்சர்கள்’ பட்டியலை மட்டும் அவருக்கு எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். முந்நூறு வவுச்சரைப் புரட்டுவதற்குப் பதில் பன்னிரண்டைப் பார்த்தால் போதும் என்று அவருக்கே தோன்றும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆளுக்கு ஒரு யூசர் ஐடி இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே ஐடியில் வேலை செய்யும் ஆபீஸ்கள் நிறைய. அங்கே லாக்கில் எல்லாமே ஒருவர் செய்ததாகத்தான் வரும். தவறு யாருடையது என்று தெரியாததால் எல்லோர் மேலும் சந்தேகம். உங்கள் ஆபீஸ் அப்படி என்றால் வேறு எதற்கும் முன்னால் இதைச் சரி செய்யுங்கள்.

எல்லாரையும் சந்தேகப்படுறவர், ஊருக்குப் போகும்போது மட்டும் பேங்க் பாஸ்வேர்டைக் கொடுத்து ‘நீயே அப்ரூவ் பண்ணிடு’ங்கிறார். பண்ணலாமா?

வேண்டாம். எல்லாம் தன் வழியாகவே போக வேண்டும் என்று வைத்திருப்பவர் இரண்டு நாள் இல்லாவிட்டால் ஆபீஸே நிற்கிறது. அப்போது அவருக்குத் தெரிந்த ஒரே வழி பாஸ்வேர்டைக் கொடுப்பதுதான். ஓடிபி வந்தால் போனில் சொல்கிறேன் என்பார். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை டிராயரில் வைத்துவிட்டுப் போவார். வங்கிப் பதிவில் அப்ரூவ் செய்தது அவர் என்று இருக்கும், கம்ப்யூட்டர் உங்களுடையதாக இருக்கும். பணம் தவறான இடத்துக்குப் போனால், உங்களை ஏற்கெனவே நம்பாதவர் யாரைக் கைகாட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். போட்டவரும் விட்டவரும் ஒரே ஆள் என்று ஆகிவிட்டால் செக்கர் இருந்தும் பயனில்லை.

மறுப்பதற்குச் சொல் இருக்கிறது: “சார், உங்க ஐடியில நான் பண்ணினா ஆடிட்ல உங்களுக்குத்தான் கேள்வி வரும். மொபைல் ஆப்ல நீங்களே அப்ரூவ் பண்ற மாதிரி எல்லாம் ரெடியா வெச்சிடுறேன்.” நிறுவனக் கணக்குகளில் செக்கராக இன்னொருவரையும் சேர்க்க வங்கிகளில் வழி உண்டு. முதலாளியோ அவர் குடும்பத்தில் ஒருவரோ இரண்டாவது செக்கராக வந்தால் பிரச்சினை தீர்ந்தது. இதற்கான படிவத்தை அவர் ஊருக்குக் கிளம்பும் நாளில் நீட்டாதீர்கள், ஒரு மாதம் முன்னாலேயே வங்கிக்குப் போய் வாங்கி வையுங்கள்.

என்னைத் தனியாக் கூப்பிட்டு ‘அந்தப் பொண்ணு சரியா வேலை செய்றாளா, எத்தனை மணிக்கு வர்றா’ன்னு கேட்கிறார். என்ன சொல்றது?

வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். “அவங்க பார்க்கிற பேங்க் ரீகன்சிலியேஷன் 15-ஆம் தேதி வரைக்கும் முடிஞ்சிருக்கு சார்.” அவ்வளவுதான். ஒருமுறை வந்துபோகும் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் வாரா வாரம் கேட்பார். உங்களைப் பற்றி அதே கேள்வியை அவளிடமும் கேட்பார். பிரிவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் இதை உங்களுக்குள் பேசி ஒரே மாதிரி பதில் சொன்னால் கேட்பது தானாக நிற்கும்.

நேரா முதலாளிகிட்டப் போயிடலாமா?

குடும்ப நிறுவனம் என்றால் யோசித்துப் போங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன எட்டு மணிப் போன் ஞாபகம் இருக்கிறதா? மேனேஜரின் பயத்துக்கு ஊற்று பெரும்பாலும் முதலாளிதான். ‘எல்லாத்தையும் பார்க்கிறார்’ என்று நீங்கள் புகார் சொன்னால், “அதுக்குத்தானே அவரை வெச்சிருக்கேன்” என்பார். முதலாளி காதில் ஏறும் பேச்சு பணம் மட்டும்தான். மேனேஜர் எப்படி நடந்துகொள்கிறார் என்ற பேச்சே வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் கட்டிய டிடிஎஸ் வட்டி, ஜிஎஸ்டி தாமதக் கட்டணம், பணம் தாமதமானதால் கைவிட்டுப்போன சப்ளையர் தள்ளுபடி, இந்த மூன்றும் லெட்ஜரிலேயே இருக்கும். ஒரு பக்கத்தில் எழுதி, ஐந்தாவது பதிலில் சொன்ன ஏற்பாட்டைத் தீர்வாக வையுங்கள். போவதற்கு முன்னால் மேனேஜரிடம், “சார், இதை முதலாளிகிட்டக் காட்டலாமா, நீங்களும் வாங்க” என்று சொல்லிவிட வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் போனதாகத் தெரிந்தால் அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி.

இதற்கு விலக்கு உண்டு. பழைய தேதி போட்டு வவுச்சர் தயாரிக்கச் சொல்வது, சரக்கே வராத பில்லைப் பதியச் சொல்வது, மறுத்த பிறகும் தன் பாஸ்வேர்டில் பணம் அனுப்பச் சொல்லி நெருக்குவது. இவை நடந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அன்றே முதலாளிக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு, ஆள் மாறல. எப்போ கிளம்பணும்?

இரண்டு காலாண்டு கொடுத்துப் பாருங்கள். சனிக்கிழமைப் பட்டியலில் எட்டு வாரம் ஒரு தவறும் இல்லை, ஆனாலும் இரண்டாயிரம் ரூபாய் வரம்பு மூவாயிரமாகக்கூட ஏறவில்லை என்றால் இனி ஏறப்போவதில்லை. அதைவிட முக்கியமான அடையாளம், நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது. மூன்று வருடம் இருந்தும் GSTR-3B தாக்கலை முதலில் இருந்து கடைசி வரை ஒருமுறைகூடத் தனியாகச் செய்ததில்லை, பேலன்ஸ் ஷீட் இறுதி செய்யும்போது அறைக்கு வெளியேதான் நின்றீர்கள் என்றால், இன்னும் இருக்க இருக்க அடுத்த இடத்தில் கிடைக்கும் சம்பளம்தான் குறையும். இன்டர்வியூவில் மேனேஜரைக் குறை சொல்ல வேண்டாம். “ஒப்புதல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது, முழுப் பொறுப்பாக ஒரு வேலையைப் பார்க்க விரும்புகிறேன்” என்றால் கணக்குத் துறையில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

கிளம்புவது என்று முடிவானால் ஆடிட் நடக்கும் மாதத்தில் வேண்டாம், ரிலீவிங் லெட்டர் இழுபடும். நிலுவையில் இருப்பதை எல்லாம் பட்டியல் போட்டு, எது எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் நம்பாதவரின் ஆபீஸில் போனவர் தலையில்தான் ஆறு மாதத்துக்கு எல்லாத் தவறும் விழும். டேலி ஐடி, வங்கியில் மேக்கர் ஐடி, ஜிஎஸ்டி தளத்தில் பதிவான உங்கள் போன் எண், இந்த மூன்றையும் கடைசி நாளிலேயே நீக்கச் சொல்லி மெயில் போடுங்கள். நீக்கியாகிவிட்டது என்று பதில் வாங்கிய பிறகு கிளம்புங்கள்.